ஆடியோகிராமில் ஒரு பள்ளம்: இரைச்சலின் தடயமும் பரிந்துரையின் எல்லையும்

1886இல் கிளாஸ்கோ நகரத்துக் காது மருத்துவர் தாமஸ் பார், கொதிகலன் செய்யும் தொழிலாளர் நூறு பேரின் கேள்திறனைச் சோதித்தார். ஒப்பிடுவதற்கு இரும்பு வார்ப்படத் தொழிலாளர் நூறு பேரையும் தபால்காரர் நூறு பேரையும் எடுத்துக்கொண்டார். கருவி ஒரு சட்டைப்பைக் கடிகாரம். அதன் டிக்டிக் ஓசை எத்தனை தூரத்தில் கேட்கிறது என்பதே சோதனை. கொதிகலன்காரர்களின் காது மற்றவர்களைவிட மிக மோசமாக இருந்தது. இரைச்சல் காதைக் கெடுக்கும் என்பதில் அன்றைக்கே பெரிய ஐயம் இல்லை. ஆனால் எதிரில் உட்கார்ந்திருக்கும் இந்த ஒரு தொழிலாளியின் காது இரைச்சலால்தான் கெட்டதா, வேறு நோயாலா என்ற கேள்விக்குக் கடிகாரத்தால் பதில் சொல்ல முடியவில்லை.

ஆடியோமீட்டர் வந்தபின் அந்தக் கேள்விக்கு ஒரு கவர்ச்சியான விடை கிடைத்தது. இரைச்சலில் வேலை செய்தவர்களின் வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் அருகே மட்டும் கேள்திறன் சரிந்து, 8000இல் மீண்டும் மேலேறுகிறது. அக்கால ஆடியோமீட்டர்களில் 4096 ஹெர்ட்ஸ் சுருதிக்கு சி5 என்று பெயர். அதனால் மருத்துவர்கள் இதை 'சி5 பள்ளம்' என்றார்கள். பள்ளம் இருந்தால் இரைச்சல், இல்லாவிட்டால் வேறு காரணம் என்ற எளிய விதி அப்போது வேரூன்றியது. அந்த விதியை எவ்வளவு தூரம் நம்பலாம், தொழிலாளியைக் காது மருத்துவரிடம் அனுப்பும் முடிவை அதன் மேல் கட்டலாமா என்பதே இங்கு ஆராயப்படுவது.

வரைபடம் சொல்வது

ஆடியோகிராமில் இடமிருந்து வலமாகச் சுருதி ஏறுகிறது: 500, 1000, 2000, 3000, 4000, 6000, 8000 ஹெர்ட்ஸ். மேலிருந்து கீழாக டெசிபல் கூடுகிறது. ஒவ்வொரு சுருதியிலும் காதுக்குக் கேட்ட மிகச் சன்னமான ஒலியின் அளவே அங்கே புள்ளியாகிறது. இதைக் கேட்பு வரம்பு என்பார்கள். புள்ளி கீழே இறங்க இறங்கக் காது மோசம். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. பொதுவாக 25 டெசிபலுக்கு மேலே நிற்கும் புள்ளிகளை இயல்பு என்று கொள்வது வழக்கம்.

4000 ஏன் என்பதற்கு விளக்கம் ஒன்றுக்கு மேற்பட்டது உண்டு. காதுக்குழாய் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள, ஒரு முனை மூடிய குழாய். அது 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியைப் பெருக்கி உள்ளே அனுப்புகிறது. பலத்த ஒலியின் சேதமோ அதன் சொந்தச் சுருதியில் அல்லாமல் அரை ஸ்தாயி மேலே தள்ளியே உச்சம் பெறுகிறது. இரண்டும் சேர்ந்தால் 4000 வந்துவிடுகிறது. நத்தைச்சுருளின் அந்தப் பகுதிக்கு இரத்த ஓட்டம் குறைவு என்ற கருத்தும் உண்டு, ஆனால் அதற்கு ஆதரவு குறைந்துவிட்டது. முதல் விளக்கத்தை ஏற்றால் ஒரு விளைவு தானாக வருகிறது. காதுக்குழாயின் நீளம் ஆளுக்கு ஆள் மாறுவதால் பள்ளமும் 3000இலோ 6000இலோ விழலாம். 4000ஐ மட்டும் தேடுகிறவர் பலரைத் தவறவிடுவார்.

பள்ளத்துக்கு வரையறை தேடியவர்கள்

கண்ணால் பார்த்துச் சொல்வது முதல் நிலைப்பாடு. அனுபவமுள்ள மருத்துவருக்குப் பள்ளம் தெரியும் என்பது அதன் நம்பிக்கை. தொழிலாளர்களின் ஆடியோகிராம்களை நிபுணர்கள் பலரிடம் தனித்தனியாகக் காட்டி ரபினோவிட்ஸ் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வு, அந்த நம்பிக்கைக்கு ஓரளவே ஆதரவு தந்தது. ஆழமான பள்ளத்தில் கருத்து ஒன்றுபடுகிறது, ஆழமற்றதில் பிரிகிறது. தொழிற்சாலை முகாமில் பெரும்பாலும் வருவது இரண்டாவது வகைதான்.

எனவே எண்ணால் வரையறுக்க முயன்றார்கள். பிரிட்டனில் இழப்பீட்டு வழக்குகளுக்காக கோல்ஸ், லட்மன், பஃபின் மூவரும் 2000இல் வகுத்த வழிகாட்டி பரவலாக எடுத்தாளப்படுகிறது. 3000, 4000, 6000 ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று, கீழ்ச்சுருதியான 1000 அல்லது 2000ஐவிடவும், மேற்சுருதியான 6000 அல்லது 8000ஐவிடவும் குறைந்தது 10 டெசிபல் மோசமாக இருந்தால் அது பள்ளம். அமெரிக்கச் சிறுவர்களின் கேள்திறனை ஆராய்ந்த நிஸ்கர் குழுவினர் 2001இல் சற்றுக் கடுமையான அளவுகோல் வைத்தார்கள். 500இலும் 1000இலும் காது 15 டெசிபலுக்குள் இருக்க வேண்டும். பள்ளம் அவற்றில் மோசமானதைவிட 15 டெசிபல் இறங்க வேண்டும். 8000இல் 10 டெசிபலாவது மீள வேண்டும்.

இரண்டிலும் ஒரே பலவீனம் உண்டு. ஆடியோமெட்ரி ஐந்து ஐந்து டெசிபலாக நகரும் சோதனை. அதே காதை மறுநாள் சோதித்தால் ஒரு புள்ளி 5 டெசிபல் மேலோ கீழோ போவது சாதாரணம். ஒரு புள்ளி 5 கீழேயும் அதன் இருபக்கப் புள்ளிகள் 5 மேலேயும் நகர்ந்தாலே 10 டெசிபல் பள்ளம் காகிதத்தில் தோன்றிவிடும். நோக்கமும் இங்கே கவனிக்க வேண்டியது. கோல்ஸின் வரையறை, காது கெட்டுப்போன ஒருவர் நீதிமன்றத்துக்கு வந்தபின் காரணத்தை எடைபோடப் பிறந்தது. அதிலும் இரைச்சலில் வேலை செய்த வரலாறு தனி நிபந்தனையாக நிற்கிறது. ஆண்டுச் சோதனையில் நூற்றுக்கணக்கானோரைச் சலிப்பதற்கு அதை அப்படியே எடுத்து வைப்பது பொருந்தாது.

பள்ளம் இரைச்சலின் கையெழுத்துதானா?

மூன்றாவது நிலைப்பாடு ஐயம். மின்துறைத் தொழிலாளரை ஆராய்ந்த மக்பிரைடும் வில்லியம்ஸும் 2001இல், 4000இல் விழும் பள்ளம் இரைச்சலோடு தொடர்புடையது, 6000இல் விழுவது அவ்வளவாக நம்பத்தக்கதல்ல என்றார்கள். அதற்கு ஒரு காரணம் காதில் இல்லை, ஹெட்போனில் இருக்கிறது. முகாம்களில் பரவலாகப் பயன்பட்ட டிடிஎச்-39 வகை ஹெட்போனை அளவுதிருத்தும் முறையில் 6000 ஹெர்ட்ஸில் சில டெசிபல் பிழை நுழைகிறது. ஆகவே ஒரு முகாமில் சோதித்த எல்லோருக்கும், அலுவலக எழுத்தர்களுக்கும்கூட, 6000இல் மட்டும் சிறு பள்ளம் தெரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கருவியைத்தான்.

இன்னொரு பக்கம், முதியோரிடம் நடந்த நோன்டால் குழுவினரின் 2009ஆம் ஆண்டு ஆய்வு, பள்ளம் உள்ளவர்களில் கணிசமானோருக்கு இரைச்சல் வரலாறே இல்லை என்று காட்டியது. தலையில் பட்ட அடியும் சில பரம்பரைக் குறைபாடுகளும் பள்ளம் போன்ற வடிவைத் தரலாம். பெயிண்ட் பிரிவுகளில் ஆவியாகும் டொலுயீன், ஸ்டைரீன் போன்ற கரைப்பான்கள் தனியாகவும் இரைச்சலோடு கூடியும் காதைப் பாதிக்கின்றன. அந்தச் சேதத்தை வரைபடத்தின் வடிவை மட்டும் வைத்து இரைச்சலிலிருந்து பிரிக்க முடிவதில்லை.

பள்ளம் இல்லாததும் எதையும் உறுதிசெய்வதில்லை. வயதால் வரும் இழப்பு 8000இலிருந்து தொடங்கிக் கீழிறங்குகிறது. ஐம்பதைத் தாண்டிய நெசவாளியிடம் பள்ளத்தின் வலக்கரை சரிந்துபோய், வெறும் இறங்குமுகக் கோடே மிஞ்சுகிறது. கோல்ஸ் குழுவினர் இதற்காகவே 'புடைப்பு' என்ற கருத்தைச் சேர்த்தார்கள். அந்த வயதினருக்கு எதிர்பார்க்கும் கோட்டோடு ஒப்பிட்டால், நடுவே கூடுதல் இழப்பு புடைத்துத் தெரியும். வயதுக் கழிவு செய்வதிலும் கருத்து வேறுபாடு உண்டு. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நிர்வாகமான ஓஷா அதை அனுமதிக்கிறது. அந்நாட்டு ஆய்வு நிறுவனமான நயோஷ் 1998இல் அதை ஏற்கவில்லை. சராசரியைத் தனி மனிதர் தலையில் ஏற்றுவது, காப்பாற்ற வேண்டிய இழப்பையும் வயதின் கணக்கில் எழுதிவிடும் என்ற நயோஷின் வாதமே எனக்கு வலுவாகப் படுகிறது.

வடிவை விட்டு மாற்றத்துக்கு

இந்த ஐயங்களிலிருந்து விலகி நிற்பது நான்காவது நிலைப்பாடு. வடிவத்தை விடுங்கள், அதே காது முன்பு எப்படி இருந்தது என்று பாருங்கள் என்கிறது அது. ஓஷாவின் 1983ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 2000, 3000, 4000 மூன்றின் சராசரி அடிப்படை ஆடியோகிராமைவிட ஏதாவது ஒரு காதில் 10 டெசிபல் சரிந்தாலே நடவடிக்கை தேவை. நயோஷ் சராசரி பார்ப்பதில்லை. 500 முதல் 6000 வரை எந்தச் சுருதியிலாவது 15 டெசிபல் சரிந்து, மறுசோதனையிலும் அது உறுதியானால் போதும் என்கிறது.

இதன் பலவீனம் அடிப்படை ஆடியோகிராமிலேயே இருக்கிறது. வேலையில் சேர்ந்து பத்தாண்டு கழித்து எடுத்த முதல் சோதனையை அடிப்படையாகக் கொண்டால், போன பத்தாண்டு இழப்பு கணக்கிலேயே வராது. ஷிப்டின் நடுவில் தறிக்கூடத்திலிருந்து நேரே கூப்பிட்டுச் சோதித்தால் தற்காலிக இழப்பும் சேர்ந்து பதிவாகும். அதுவும் பள்ள வடிவில்தான் இருக்கும். இப்படி எடுத்த அடிப்படை பின்னாளைய உண்மைச் சரிவை மறைத்துவிடும். இதனால்தான் அடிப்படைச் சோதனைக்கு முன் 14 மணி நேரம் பணியிட இரைச்சல் கூடாது என்கிறது ஓஷா. அறை இரைச்சல் வேறு வகையில் ஏமாற்றும். உணவுக்கூடத்தை ஒட்டிய அறையில் மின்விசிறி ஓடச் சோதித்தால் முதலில் கெடுவது 500. ஒரே நாளில் வந்த பலருக்கும் 500இல் 25, 30 என்று விழுந்து 2000இல் சரியாகியிருந்தால், அன்றைய கட்டு முழுவதையும் ஒதுக்கி வைப்பதே நல்லது.

இந்திய நிலைமையில் இன்னொரு சிக்கல் உண்டு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் கீழான மாதிரி விதிகளில், அதிக இரைச்சல் பணிகளுக்கான அட்டவணை 90 டெசிபலுக்கு மேற்பட்ட இடங்களில் வேலை செய்வோருக்கு ஆண்டுதோறும் சோதனை கேட்டது. கட்டாயமாகச் சோதிக்க வேண்டிய சுருதிகளாக அது அடுக்கியவை 125, 250, 500, 1000, 2000, 4000, 8000. இதில் 3000 இல்லை, 6000 இல்லை. விதியை எழுத்துப்படி நிறைவேற்றிய தொழிற்சாலையில் ஓஷாவின் சராசரியைக் கணக்கிடவே வழியிருக்கவில்லை. 3000இலோ 6000இலோ விழுந்த பள்ளம் வரைபடத்துக்கு வெளியே நின்றது. அந்த இரண்டு சுருதிகளையும் சோதிக்கக் கூடுதலாக ஆகும் நேரம் மிகக் குறைவு.

ஒரு தறிக்கூடக் கணக்கு

விதிகள் மோதும் இடத்தைக் காண ஒரு கற்பனை நெசவாளியை எடுத்துக்கொள்வோம். வயது 36, விசைத்தறிக் கூடத்தில் 12 ஆண்டுகள். அவருடைய இடது காது டெசிபலில்:

| ஹெர்ட்ஸ் | 500 | 1000 | 2000 | 3000 | 4000 | 6000 | 8000 |
|---|---|---|---|---|---|---|---|
| சேர்ந்தபோது | 10 | 10 | 10 | 15 | 15 | 20 | 15 |
| மூன்றாண்டு முன் | 10 | 10 | 15 | 20 | 30 | 25 | 20 |
| இப்போது | 10 | 15 | 20 | 30 | 45 | 35 | 25 |

வலது காது இதே வடிவில், ஒவ்வொரு சுருதியிலும் 5 டெசிபலுக்குள் நெருங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

இப்போதைய வரியில் பள்ளம் தெளிவு. 4000இல் 45, 8000இல் 25. கோல்ஸும் நிஸ்கரும் இருவரும் ஏற்பார்கள். ஓஷா கணக்கில் 2000, 3000, 4000 மூன்றின் சராசரி 13.3இலிருந்து 31.7 ஆகிறது. 10ஐத் தாண்டி 18 டெசிபல் சரிவு. நயோஷின் 15 டெசிபலை 3000, 4000, 6000 மூன்றுமே தொட்டுவிட்டன. ஆகத் தொழிற்சாலை செயல்பட வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

காது மருத்துவரிடம் அனுப்புவதா என்று கேட்டால்தான் விடைகள் பிரிகின்றன. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் கழகத்தின் பரிந்துரை அளவுகோலில், 3000, 4000, 6000 மூன்றின் சராசரி அடிப்படையைவிட 20 டெசிபலுக்கு மேல் சரிய வேண்டும். இவருக்கு 16.7இலிருந்து 36.7, அதாவது மிகச் சரியாக 20. விதியின் எழுத்துப்படி அனுப்ப வேண்டியதில்லை. பிரிட்டனின் உடல்நல, பாதுகாப்பு நிர்வாகத்தின் வழிகாட்டி அதே மூன்று சுருதிகளின் கூட்டுத்தொகையைப் பார்க்கிறது. அது மூன்றாண்டுக்குள் 30 டெசிபல் கூடினால் 'விரைவான இழப்பு' என்று அனுப்பச் சொல்கிறது. மூன்றாண்டு முன் கூட்டுத்தொகை 75, இப்போது 110. கூடியது 35.

இந்த இடத்தில் பிரிட்டிஷ் விதி ஒன்றைப் பிடித்துவிட்டது என்றே கொள்ளலாம். இரைச்சலால் வரும் இழப்பு முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வேகமாக நடந்து பிறகு தணியும் என்கிறது அமெரிக்கத் தொழில்மருத்துவக் கல்லூரியின் 2018ஆம் ஆண்டு அறிக்கை. இவருக்கு முதல் ஒன்பது ஆண்டுகளில் 25, அடுத்த மூன்று ஆண்டுகளில் 35. ஓட்டம் தலைகீழாக இருக்கிறது. அப்படியானால் எதுவோ மாறியிருக்க வேண்டும். வேகமான தறி வந்ததா, ஆளைக் கூடத்தின் நடுவுக்கு மாற்றினார்களா, காதடைப்பானை மாட்டுவது நின்றதா என்று முதலில் கேட்க வேண்டும். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின், அமிகாசின் போன்ற ஊசிகள் போட்டுக்கொண்டாரா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் அந்த மருந்துகள் மிக உயர்ந்த சுருதிகளையே முதலில் தாக்குவதால் 8000 இப்படித் தப்பியிருப்பது அரிது. தொழிற்சாலைக்குள்ளேயே பதில் கிடைத்தால், அமைதியான ஓய்வுக்குப்பின் மறுசோதனை செய்து, காதடைப்பானைச் சரிபார்த்து, சில மாதங்களில் மீண்டும் பார்க்கலாம். பதில் கிடைக்காவிட்டால் விதியின் அந்த ஒரு டெசிபலுக்காகக் காத்திராமல் அனுப்பிவிடுவதே சரி.

அனுப்ப வேண்டிய வரைபடங்கள்

மேலே சொன்னது எல்லைக்கோட்டு வழக்கு. சந்தேகமே இல்லாத வழக்குகள் பெரும்பாலும் பள்ளத்துக்கு வெளியே இருக்கின்றன. பள்ளம் முதன்மையாகச் சுட்டுவது இயந்திரத்தை. அந்த வடிவத்துக்குள் அடங்காதது எதுவோ அதுவே மருத்துவரைச் சுட்டுகிறது. பல முகாம்களில் இது நேர்மாறாக நடக்கிறது. அழகான இருபக்கப் பள்ளத்தோடு வருபவர் மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார். மருத்துவரால் அவருக்குச் செய்ய முடிவது குறைவு. ஒரு காது மட்டும் மெல்லக் கெட்டவருக்கோ காதடைப்பான் கொடுத்துத் திருப்பி அனுப்புகிறார்கள்.

பிரஸ் ஷாப் தொழிலாளி ஒருவரின் வலது காது 10, 10, 15, 25, 35, 30, 20 என்றும், இடது காது 25, 30, 40, 50, 55, 60, 60 என்றும் வந்தால் என்ன பொருள்? வலது காதில் இரைச்சலின் பள்ளம் இருக்கிறது. ஆலை இரைச்சல் இரு காதையும் ஏறக்குறைய ஒன்றாகவே தாக்கும். இடது காதின் மிச்ச இழப்புக்கு அது காரணமாவது கடினம். 500, 1000, 2000 சராசரியில் இரு காதுக்கும் வேறுபாடு 20 டெசிபல். அமெரிக்கக் கழகத்தின் எல்லை 15. பிரிட்டிஷ் முறையில் 1000 முதல் 4000 வரையிலான நான்கு சுருதிகளின் கூட்டுத்தொகையில் வேறுபாடு 90. எல்லை 40. இங்கே தேட வேண்டியது செவிநரம்புக் கட்டி. அரிதானது, பெரும்பாலும் புற்றுமல்ல. ஆனால் எம்ஆர்ஐ எடுக்காமல் அதை விலக்க முடியாது. இந்த மனிதருக்கு இரைச்சல் வரலாறு உண்டு என்பதே கட்டி நெடுநாள் கண்ணில் படாமல் போவதற்குக் காரணமாகிவிடலாம்.

கீழ்ச்சுருதிகளின் சரிவும் அதுபோலத்தான். இரைச்சல் மட்டுமே காரணமாயின் கீழ்ச்சுருதியில் 40 டெசிபலையோ மேற்சுருதியில் 75ஐயோ இழப்பு தாண்டுவது அரிது என்கிறது மேற்சொன்ன 2018 அறிக்கை. 500, 1000 இரண்டும் தாழ்ந்தால் குறும்பி அடைப்பு, செவிப்பறை ஓட்டை, நடுக்காதுச் சீழ், காதெலும்பு இறுக்கம் ஆகியவற்றை நினைக்க வேண்டும். முகாமில் காற்றுவழிச் சோதனை மட்டுமே நடப்பதால் இவற்றைப் பிரிக்க எலும்புவழிச் சோதனை தேவை. குறும்பியைத் தேடுவதற்கு முகாமிலேயே ஓட்டோஸ்கோப் போதும். சீழோ காதுவலியோ இருப்பவருக்குக் காதடைப்பான் கொடுப்பது தீங்கு. அவரை அனுப்பியே ஆக வேண்டும்.

எண்களே தேவைப்படாத காரணங்களும் உண்டு: தலைசுற்றல், ஓயாத காது இரைச்சல், ஏறி இறங்கும் கேள்திறன். ஓரிரு நாளில் திடீரென ஒரு காது அடைத்துப்போனதாகச் சொன்னால் அது அவசரம். ஸ்டீராய்டு மருத்துவம் பலன் தரும் காலம் முதல் சில வாரங்களே. அடுத்த முகாம் வரை அது காத்திராது.

பரிந்துரைக்குச் சட்டப் பக்கமும் இருக்கிறது. இரைச்சலால் வரும் கேள்திறன் இழப்பு 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்க வேண்டிய நோயாக இருந்தது. கண்டறியும் மருத்துவர் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தெரிவிக்க 89ஆம் பிரிவு கடமைப்படுத்தியது. எத்தனை டெசிபல் சரிந்தால் அது 'நோய்' என்று அந்த அட்டவணை சொல்லவில்லை. சம்பளம் தருகிற நிர்வாகத்தின் கீழ் வேலை செய்யும் ஆலை மருத்துவர், எல்லை எழுதப்படாத இடத்தில் எந்தப் பக்கம் சாய்வார் என்பதை ஊகிக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை.

தீராதவை

பள்ளத்தின் வரையறையில் ஒருமித்த கருத்து இன்னும் உருவாகவில்லை. உருவானாலும் அது பரிந்துரையின் அடித்தளமாக நிற்குமா என்பது ஐயமே. நல்ல அடிப்படை ஆடியோகிராமும் தொடர் பதிவுகளும் இருக்கும் ஆலையில், மாற்றத்தின் வேகமும் இரு காதுக்கிடையேயான வேறுபாடுமே அதிகம் சொல்கின்றன. அவை இல்லாத ஆலைகளில்தான் பள்ளத்தையே நம்ப வேண்டியிருக்கிறது. அங்கே அது இருபக்கமும் இருந்து, 4000இல் ஆழமாகி, மறுசோதனையிலும் நின்று, அளந்த இரைச்சலோடும் பொருந்தினால் இரைச்சலின் தடயம் என்று கொள்வதில் பெரிய தவறு நேராது. இதில் ஒன்று குறைந்தாலும் ஐயத்துக்கு இடமுண்டு.

வரைபடமே போதுமா என்ற ஐயம் அண்மைக் காலத்தது. எலிகளிடம் குஜாவாவும் லிபர்மனும் 2009இல் கண்டது, தற்காலிக இழப்புக்குப்பின் கேட்பு வரம்பு முழுமையாக மீண்டபோதும், மயிர்ச்செல்லையும் செவிநரம்பையும் இணைக்கும் முனைகளில் கணிசமான பகுதி நிரந்தரமாக அழிந்திருந்தது என்பதாகும். மனிதர்களிடம் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்பதில் ஆய்வு முடிவுகள் ஒன்றையொன்று மறுக்கின்றன. நடக்கிறது என்றால், எல்லாச் சுருதியிலும் 15 டெசிபலுக்குள் நிற்கும் இளம் நெசவாளி ஒருவர் கல்யாண மண்டபத்துச் சந்தடியில் எதிரில் இருப்பவர் பேச்சுப் புரியவில்லை என்று சொல்லும்போது, ஆடியோகிராமைக் காட்டி அவரை மறுப்பதற்கு ஆதாரம் இருக்காது. இரைச்சலுக்கு நடுவே சொற்களை அடையாளம் காணச் சொல்லும் சோதனைகள் சில உள்ளன. அவற்றை ஆண்டு முகாமில் சேர்ப்பதா, எந்த எல்லைக்குக் கீழே போனால் அனுப்புவது என்பதற்கு இன்று நிலைபெற்ற அளவுகோல் இல்லை.